டாக்சிக் கட்டணம் ருப்பியாவில், கடன் டாலரில்: 1997இல் இந்தோனேசிய வங்கிகள் விழுந்த கணக்கு

1998 ஜனவரியில் ஹாங்காங்கின் பெரிய முதலீட்டு வங்கிகளில் ஒன்றான பெரக்ரின் திவாலானது. அதைக் கவிழ்த்ததில் பெரும்பங்கு ஒரே ஒரு கடனுக்கு உண்டு. ஜகார்த்தாவில் டாக்சியும் பேருந்தும் ஓட்டிய ஸ்டெடி சேஃப் என்ற நிறுவனத்துக்கு அது ஏறத்தாழ 26 கோடி டாலர் கொடுத்திருந்தது. பின்னால் கடன்பத்திரம் விற்று அந்தப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். பத்திரம் விற்பதற்கு முன்பே ருப்பியா சரிந்துவிட்டது.

ஜகார்த்தாவில் டாக்சி ஏறுகிறவர் இறங்கும்போது ருப்பியாதான் கொடுப்பார். டாலர் விலை இரண்டு மடங்கானால் மீட்டர் கட்டணத்தையும் இரண்டு மடங்காக்க முடியாது. அப்படியே ஆக்கினாலும் வண்டியில் ஏற ஆள் இருக்காது. கையில் வருவது ஒரு நாணயம், கட்டவேண்டியது வேறொரு நாணயம் என்ற இந்த நிலைக்குத்தான் நாணயப் பொருத்தமின்மை என்று பெயர். வரையறை இவ்வளவு எளிதாக இருப்பதால், படித்தவர்கள் நடத்திய நிறுவனங்களும் வங்கிகளும் இதில் எப்படிச் சிக்கின என்பது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் புரிவதில்லை. "பேராசை" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. அன்று ஜகார்த்தாவில் ஒரு நிதி மேலாளர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து போட்டிருக்கக்கூடிய கணக்கை நாமும் போட்டுப் பார்த்தால், டாலரில் கடன் வாங்காமல் இருப்பதுதான் முட்டாள்தனம் என்று தோன்றும். ஆபத்தே அங்குதான் இருந்தது.

கணக்குக்காக ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 1996இல் ஒரு டாலர் 2,400 ருப்பியா என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் சொத்து மதிப்பு 4,000 கோடி ருப்பியா. அதில் சொந்த மூலதனம் 1,600 கோடி, மீதி 2,400 கோடி கடன். வட்டி கட்டுவதற்கு முன் ஆண்டுக்குக் கையில் நிற்கும் பணம் 600 கோடி. உள்ளூர் வங்கியில் ருப்பியாக் கடன் வாங்கினால் வட்டி 18 சதவீதம், ஆண்டுக்கு 432 கோடி. அதே தொகையை 1 கோடி டாலராக வாங்கினால் வட்டி 9 சதவீதம், அதாவது 9 லட்சம் டாலர், 216 கோடி ருப்பியா. வட்டிச்செலவு சரிபாதி.

ருப்பியா விழாதா என்ற கேள்வி அந்த மேலாளருக்கும் வந்திருக்கும். அன்று ருப்பியா மத்திய வங்கியின் பிடியில் இருந்தது. பேங்க் இந்தோனேசியா அதை ஆண்டுக்கு 3 முதல் 5 சதவீதம் வரை மெல்ல இறங்கவிட்டது. 4 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் கடனின் அசல் ருப்பியாக் கணக்கில் 96 கோடி கூடும். வட்டியிலும் சில கோடி கூடும். அதையெல்லாம் கழித்த பிறகும் ஆண்டுக்கு நூறு கோடிக்கு மேல் மிச்சம். பத்து ஆண்டுகளாக இப்படியே நடந்தது. டாலரில் வாங்கியவர் தன் போட்டியாளரைவிட மலிவாகத் தொழில் செய்தார், ருப்பியாவில் வாங்கியவர் சந்தையில் பின்தங்கினார்.

அப்படியென்றால் டாலரையும் வாங்கிக்கொண்டு, ஒரு முன்பேர ஒப்பந்தமும் போட்டு ஆபத்தைப் பூட்டிவிட்டால் என்ன? இங்கேதான் முடிச்சு இருக்கிறது. இன்றே விலை பேசி ஓராண்டு கழித்து டாலர் வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தத்தில், விலையை நிர்ணயிப்பது இரு நாட்டு வட்டி வித்தியாசம். 2,400ஐ 1.18ஆல் பெருக்கி 1.09ஆல் வகுத்தால் 2,598 வருகிறது. ஓராண்டு கழித்து அசலும் வட்டியுமாக 1.09 கோடி டாலரை அந்த விலைக்கு வாங்கினால் செலவு 2,832 கோடி ருப்பியா. இது 2,400 கோடியின் மேல் சரியாக 18 சதவீதம். ருப்பியாவிலேயே கடன் வாங்கியிருந்தாலும் இதே தொகைதான் ஆகியிருக்கும். டாலர் கடனில் மிச்சம் பார்க்க ஒரே வழி, அதைப் பூட்டாமல் விடுவது. அந்த மிச்சமே ஆபத்தைச் சுமப்பதற்கான கூலி. அதைச் செலவு குறைப்பு என்று கணக்கில் எழுதிக்கொண்டபோது ஆபத்து கண்ணிலிருந்து மறைந்தது.

ருப்பியா ஒரே இரவில் விழுந்த வரலாறு இல்லாமல் இல்லை. 1978 நவம்பர், 1983 மார்ச், 1986 செப்டம்பர் என மூன்று முறை அரசே மதிப்பைக் குறைத்தது. 1986இல் டாலர் 1,134 ருப்பியாவிலிருந்து 1,644 ஆனது. ஆனால் அதன்பிறகு பத்தாண்டுக்கு மேல் அமைதி. மத்திய வங்கி தாங்கிப் பிடித்த அமைதியை நிறுவனங்கள் ருப்பியாவின் சொந்த பலம் என்று எடுத்துக்கொண்டன.

இப்போது நம் நிறுவனத்தை வீழ்ச்சிக்குள் நடத்திப் பார்ப்போம். டாலர் 3,000 ருப்பியா ஆனால் கடன் 3,000 கோடியாகிறது, சொந்த மூலதனம் 1,600லிருந்து 1,000 கோடியாகக் குறைகிறது. டாலர் 4,000ஐத் தொட்டால் கடன் 4,000 கோடி, சொத்தும் 4,000 கோடி. மூலதனம் பூஜ்யம். ஆனால் அந்த விலையில் ஆண்டு வட்டி 360 கோடிதான், கையில் வருவதோ 600 கோடி. நிறுவனம் தவணை தவறாமல் வட்டி கட்டிக்கொண்டிருக்கும். வருமானத்தை வட்டி விழுங்க டாலர் 6,667 ருப்பியாவைத் தொட வேண்டும். ஆக, 4,000க்கும் 6,667க்கும் நடுவில் ஒரு நீண்ட வெளி இருக்கிறது. அங்கே நிறுவனம் உண்மையில் திவாலாகிவிட்டது, ஆனால் வங்கியின் ஏட்டில் நல்ல கடனாளி. வாராக்கடன் விகிதத்தை மட்டும் பார்த்து ஒரு நாட்டின் வங்கிகளை எடைபோடுகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். தவணை தவறிய பிறகுதான் அந்த விகிதம் ஏறும். சேதம் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

மேலே போட்ட கணக்கில் ஒரு சலுகை கொடுத்திருக்கிறேன். அசலை இப்போது கேட்கமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டேன். உண்மையில் அன்றைய கடன்களில் பெரும்பகுதி ஓராண்டுக்குள் தீர்க்கவேண்டியவை. தவணை வந்ததும் புதுப்பித்துக்கொள்வது வழக்கம். 1997 நடுவில் வெளிநாட்டு வங்கிகளுக்கு இந்தோனேசியா கொடுக்கவேண்டியிருந்த கடன் ஏறத்தாழ 5,900 கோடி டாலர். அதில் மூன்றில் இரண்டு பங்கு வங்கியல்லாத தனியார் நிறுவனங்கள் நேரடியாக வாங்கியது. ஓராண்டுக்குள் முடியும் கடன் சுமார் 3,500 கோடி டாலர், நாட்டின் கையிருப்பு 2,000 கோடி டாலர் அளவில். இந்தக் கடைசி இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். வெளிநாட்டு வங்கிகள் புதுப்பிக்க மறுத்தால், மத்திய வங்கி தன் கையிருப்பு முழுவதையும் கொட்டினாலும் எல்லாருக்கும் டாலர் எட்டாது. இதை ஒவ்வொரு கடன்காரரும் அறிவார். அறிந்ததால் யாரும் கடைசியாக வெளியேற விரும்பவில்லை.

தாய்லாந்து 1997 ஜூலை 2 அன்று தன் நாணயமான பாட்டின் மதிப்பைத் தாங்கிப் பிடிப்பதைக் கைவிட்டது. ஜூலை 11இல் பேங்க் இந்தோனேசியா ருப்பியா ஏறி இறங்கும் வரம்பை 8 சதவீதத்திலிருந்து 12 ஆக்கியது. ஆகஸ்ட் 14இல் வரம்பையே எடுத்துவிட்டது. கையிருப்பைக் கரைக்காமல் விட்டது சரியான முடிவு என்று அப்போது பலர் பாராட்டினார்கள். ஆனால் அந்த நாள்வரை பூட்டப்படாத டாலர் கடனைச் சுமந்த ஒவ்வொரு நிறுவனமும் மத்திய வங்கியின் வாக்குறுதியையே தன் காப்பீடாக வைத்திருந்தது. காப்பீடு போனதும் எல்லாரும் ஒரே வாரத்தில் செய்யவேண்டிய காரியம் ஒன்றாகிவிட்டது: டாலர் வாங்குவது.

பொருத்தமின்மை இங்கேதான் ஒரு தனி நிறுவனத்தின் பிரச்சினை என்ற நிலையைத் தாண்டுகிறது. ஒரு பொருளின் விலை ஏறினால் வாங்குபவர்கள் குறைவார்கள் என்பது சாதாரணச் சந்தை விதி. இந்தச் சந்தையில் விலை ஏற ஏற வாங்குபவர்கள் கூடினார்கள். 2,600இல் பொறுத்துப் பார்க்கலாம் என்றிருந்த நிறுவனம் 3,000இல் பயந்து வாங்கும். அது வாங்கியதால் 3,200 ஆகும். 3,200இல் அடுத்த நிறுவனம் ஓடிவரும். ஏற்றுமதி செய்து டாலர் சம்பாதிப்பவரோ, நாளைக்கு இன்னும் கூடும் என்று விற்காமல் வைத்துக்கொள்வார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒவ்வொருவரும் எடுத்த நியாயமான முடிவு, மற்ற எல்லாருடைய கடனையும் கூட்டியது. அக்டோபரில் டாலர் 3,500ஐத் தாண்டியது. ஜனவரி 8 அன்று 10,000. அதே மாதக் கடைசியில் சில நாட்கள் 16,000ஐயும் தாண்டியது. நம் கற்பனை நிறுவனத்தின் கடன் அந்த விலையில் 16,000 கோடி ருப்பியா, அதாவது அதன் மொத்தச் சொத்தைப்போல் நான்கு மடங்கு. எவ்வளவு கடன் இருக்கிறது என்ற முழுக்கணக்கு பேங்க் இந்தோனேசியாவிடமே இல்லை. நிறுவனங்கள் நேரடியாக வெளிநாட்டில் வாங்கியதை யாரும் ஒழுங்காகத் தொகுத்திருக்கவில்லை.

இப்போது வங்கிக்குள் போவோம். நான் சொல்லவந்ததின் மையம் இது.

வங்கிகள் முட்டாள்தனமாக டாலர் ஆபத்தைச் சுமந்தன என்று நினைத்தால் தவறு. ஒரு வங்கியின் டாலர் சொத்துக்கும் டாலர் கடனுக்கும் உள்ள வித்தியாசத்தை நிகர திறந்த நிலை என்பார்கள். மூலதனத்தில் ஒரு குறிப்பிட்ட பங்குக்கு மேல் அது போகக்கூடாது என்று விதி இருந்தது. எனவே டாலரில் வாங்கிய வங்கி டாலரிலேயே கடன் கொடுத்தது. ஏட்டில் இரண்டு பக்கமும் டாலர், திறந்த நிலை பூஜ்யத்துக்குப் பக்கத்தில். அலுவலர் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் அந்த டாலர் கடனை வாங்கியவர் யார்? வாடகை வசூலிக்கும் கட்டட நிறுவனம், சுங்கச்சாவடி நடத்துபவர், உள்நாட்டுக்கு மட்டும் சிமெண்ட் விற்பவர். வங்கி தன் நாணய ஆபத்தைக் கடனாளியின் தோளில் ஏற்றிவைத்தது. கடனாளியால் தாங்க முடியாதபோது அதே ஆபத்து வாராக்கடன் என்ற வேறு பெயரில் வங்கிக்கே திரும்பி வந்தது. நாணய ஆபத்தைப் பார்க்கும் மேசையும் கடன் ஆபத்தைப் பார்க்கும் மேசையும் ஒன்றோடொன்று பேசாத வங்கியில் இது கடைசிவரை தெரியாது.

எண்ணில் பார்க்கலாம். மொத்தச் சொத்து 100 உள்ள ஒரு வங்கி. சொந்த மூலதனம் 8. கொடுத்த கடனில் டாலர் 25, ருப்பியா 75. திரட்டியதில் டாலர் 25, ருப்பியா வைப்பு 67. டாலர் பக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது. டாலர் விலை நான்கு மடங்காகட்டும். கொடுத்த டாலர் கடன் 100 ஆகிறது, திருப்பவேண்டிய டாலரும் 100. மொத்தச் சொத்து இப்போது 175. மூலதனம் மட்டும் ருப்பியாவில் அதே 8. ஒரு கடனாளிகூடத் தவறவில்லை, ஆனாலும் மூலதன விகிதம் 8 சதவீதத்திலிருந்து 4.6க்கு இறங்கிவிட்டது. பொருத்தமாக இருந்த ஏடே வங்கியைப் பலவீனமாக்கிய இந்த முதல் அடியைப் பலரும் கவனிப்பதில்லை. அடுத்து, டாலர் கடனாளிகளில் பாதிப்பேர் கைவிரித்து, ஈட்டை விற்றுப் பாதி மீட்க முடிந்தது என்று வைத்துக்கொண்டால் இழப்பு 25. மூலதனம் 8. வங்கி மூன்று முறை செத்த கணக்கு இது. வெளிநாட்டுக்குக் கொடுக்கவேண்டிய 100 அப்படியே நிற்கிறது. அதில் பெரும்பகுதி சில மாதங்களில் கட்டவேண்டியது. அதற்காக இந்த வங்கியும் ருப்பியாவை எடுத்துக்கொண்டு டாலர் வாங்கச் சந்தைக்கு வருகிறது.

இந்தோனேசியாவில் இதைக் கூடுதலாகக் கெடுத்த ஒரு உள்ளூர்ச் சங்கதி உண்டு. 1988 அக்டோபரில் வங்கி உரிமம் எளிதாக்கப்பட்ட பிறகு வங்கிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேலாகி 240ஐ நெருங்கியது. பெரிய தொழில் குழுமங்கள் தமக்கென்று ஒரு வங்கி வைத்துக்கொண்டு, மக்கள் வைப்பைத் திரட்டித் தம் நிறுவனங்களுக்கே கடன் கொடுத்தன. ஒரே குழுமத்துக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு காகிதத்தில் இருந்தது, நடைமுறையில் மீறப்பட்டது. எனவே டாலர் கடன் வெளிநாட்டிலிருந்து நேரடியாகக் குழும நிறுவனத்துக்குப் போயிருந்தாலும், அந்த நிறுவனம் விழுந்தபோது அடி குழும வங்கியின் ருப்பியாக் கடனிலும் விழுந்தது. டாலரையே தொடாத வைப்பாளர் ஒருவரின் சேமிப்பு இப்படித்தான் டாலர் விலையோடு கட்டப்பட்டது.

1997 அக்டோபர் 31 அன்று சர்வதேச நாணய நிதியத்துடன் ஒப்பந்தம். மறுநாள் 16 வங்கிகள் மூடப்பட்டன. அவை சிறியவை, மொத்த வங்கிச் சொத்தில் ஏறத்தாழ 3 சதவீதம்தான். நோயுற்ற கிளைகளை வெட்டினால் மரம் பிழைக்கும் என்ற எண்ணம். வைப்பாளருக்கு ஆளுக்கு 2 கோடி ருப்பியாவரை உத்தரவாதம் தரப்பட்டது. அன்றைய விலையில் அது ஆறாயிரம் டாலருக்கும் குறைவு. அதற்கு மேல் வைத்திருந்தவர் என்ன செய்வார்? அடுத்து எந்த வங்கி என்ற பட்டியல் யாரிடமும் இல்லை. மூடப்பட்டவற்றில் ஒன்று அதிபர் சுகார்த்தோவின் மகனுடையது. அவர் இன்னொரு வங்கியின் உரிமத்தில் சில வாரங்களில் அதே தொழிலை மீண்டும் தொடங்கினார். எந்த வங்கி பிழைக்கும் என்பதை அதன் கணக்கேடு தீர்மானிக்காது என்று மக்கள் முடிவுகட்டியதில் தவறு சொல்ல முடியாது. தனியார் வங்கிகளிலிருந்து பணம் அரசு வங்கிகளுக்கும், வெளிநாட்டு வங்கிக் கிளைகளுக்கும், நேராக டாலருக்கும் ஓடியது.

பணம் வெளியேறிய வங்கிகளைக் காப்பாற்ற பேங்க் இந்தோனேசியா அவசரக் கடன் கொடுத்தது. பிஎல்பிஐ என்ற சுருக்கப் பெயரில் அந்நாட்டில் இன்றும் வழக்கும் விவாதமுமாக இருப்பது அதுதான். மொத்தம் 48 வங்கிகளுக்கு 144.5 லட்சம் கோடி ருப்பியா. வங்கியில் ஓட்டம் வந்தால் மத்திய வங்கி தாராளமாகக் கடன் கொடுக்கவேண்டும் என்பது பாடநூல் விதி. சொந்த நாணயத்தில் மட்டும் கடன்பட்ட நாட்டில் அது வேலை செய்யும். இங்கே அச்சடித்துக் கொடுத்த ஒவ்வொரு ருப்பியாவும் வைப்பாளர் கைவழியாகவோ வங்கி முதலாளி கைவழியாகவோ டாலர் சந்தைக்குப் போனது. வங்கியைக் காக்கக் கொடுத்த பணமே ருப்பியாவை இன்னும் தள்ளியது, தள்ளப்பட்ட ருப்பியா அடுத்த நிறுவனத்தை வீழ்த்தியது, அந்த நிறுவனம் அடுத்த வங்கியை.

சரி, வட்டியை ஏற்றிப் பணத்தைப் பிடித்து நிறுத்தலாமே என்றால் அதற்கும் விலை உண்டு. மத்திய வங்கிப் பத்திரத்தின் ஒரு மாத வட்டி 1998 ஆகஸ்டில் 70 சதவீதத்தைத் தொட்டது. டாலர் கடன் இல்லாமல் ஒழுங்காக ருப்பியாவில் தொழில் செய்தவர்களும் அந்த வட்டியில் செத்தார்கள். வங்கிகளுக்கும் அதனால் லாபமில்லை. வைப்பாளருக்கு 50, 60 சதவீதம் கொடுக்கவேண்டியிருந்தது, அந்த அளவு வட்டி கட்டக்கூடிய கடனாளி யாரும் மிச்சமில்லை. வாங்கும் வட்டி கொடுக்கும் வட்டியைவிடக் குறைந்துபோன வங்கி, கதவைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நட்டம் செய்கிறது. வட்டியை இறக்கினால் டாலர் கடனாளி சாவார், ஏற்றினால் ருப்பியாக் கடனாளி சாவார். பொருத்தமின்மை பரவலாக இருக்கும் நாட்டில் மத்திய வங்கியின் கையிலுள்ள ஒரே கருவிக்கு இரண்டு பக்கமும் வெட்டு.

நாணயம் விழுந்தால் ஏற்றுமதி எழும், அது மெல்லக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் பலிக்கவில்லை. காரணம் வங்கிதான். பருத்தியோ சாயமோ இறக்குமதி செய்ய ஆலைக்கு எல்சி வேண்டும், அதாவது விற்பவருக்குப் பணம் வந்துசேரும் என்று வங்கி தரும் உறுதிக் கடிதம். இந்தோனேசிய வங்கி திறந்த எல்சியை வெளிநாட்டு வங்கிகள் ஏற்க மறுத்தன. ஆர்டர் கையில் இருந்தும் மூலப்பொருள் வாங்க வழியில்லாமல் தறிகள் நின்றன. டாலரில் சம்பாதித்து டாலரில் கடன்பட்டு, எந்தப் பொருத்தமின்மையும் இல்லாமல் இருந்தவரையும் அது இப்படி வந்து தொட்டது.

1998 ஜனவரி 27இல் அரசு எல்லா வைப்புக்கும் முழு உத்தரவாதம் கொடுத்து, வங்கிச் சீரமைப்பு முகமையையும் அமைத்தது. மே மாதக் கலவரத்துக்குப் பிறகு, நாட்டின் மிகப்பெரிய தனியார் வங்கியான பேங்க் சென்ட்ரல் ஏசியாவில் வரிசை நின்று பணம் எடுத்தார்கள். மே 28இல் அதையும் அரசே எடுத்துக்கொண்டது. அதற்கு ஒரு வாரம் முன்பு சுகார்த்தோ பதவி விலகியிருந்தார். அந்த ஆண்டு நாட்டின் உற்பத்தி 13 சதவீதம் சுருங்கியது. வங்கிகளை மீட்க அரசு ஏற்ற சுமை, ஓராண்டு உற்பத்தியில் ஏறத்தாழ பாதி.

இதில் இன்னொரு வகைப் பொருத்தமின்மையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது கணக்கேட்டில் தெரியாது. ஜாவாவில் தனியார் மின்நிலையங்கள் டாலர் கடனில் கட்டப்பட்டன. கடன் கொடுத்தவர்கள் ஒப்பந்தத்தைப் பார்த்தார்கள். மின்சாரத்தின் விலையை அரசு மின்வாரியமான பிஎல்என் டாலர் கணக்கில் கொடுக்கும் என்று எழுதியிருந்தது. டாலர் வரவு, டாலர் செலவு, எல்லாம் பொருந்துகிறது என்று திருப்தி. ஆனால் பிஎல்என் யாரிடம் வசூலிக்கிறது? வீட்டில் விளக்கெரிக்கும் குடும்பத்திடம், ருப்பியாவில். ருப்பியா விழுந்ததும் பிஎல்என் விற்கும் விலை, அது வாங்கும் விலையில் சிறு பங்காகிவிட்டது. பணம் கொடுக்க முடியாமல் ஒப்பந்தங்கள் தகராறுக்குப் போயின. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் பணம் கொடுப்பவர் எந்த நாணயத்தில் சம்பாதிக்கிறார் என்று கேட்டால்தான் உண்மை தெரியும். இடையில் உள்ள ஒப்பந்தங்கள் ஆபத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றும், அழிக்காது.

முன்கூட்டியே இதைப் பிடிக்க முடியுமா? இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2014 ஏப்ரல் முதல் ஒரு கணக்கை வங்கிகள்மேல் கட்டாயமாக்கியிருக்கிறது. கடன் வாங்கிய நிறுவனத்தின் பூட்டப்படாத அந்நியச் செலாவணிக் கடன் எவ்வளவு என்று வங்கி கேட்டு வாங்கவேண்டும். கடந்த பத்தாண்டில் டாலருக்கும் ரூபாய்க்கும் இடையே இருந்த மிக மோசமான ஆண்டு ஏற்ற இறக்கத்தை அதன்மேல் போட்டு, வரக்கூடிய இழப்பைக் கணக்கிடவேண்டும். அந்த இழப்பு, வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முந்தைய ஆண்டு வருமானத்தில் 15 சதவீதத்தைத் தாண்டவில்லையென்றால் கூடுதல் ஒதுக்கீடு இல்லை. 15 முதல் 30 சதவீதம்வரை என்றால் கடனில் 0.20 சதவீதம் ஒதுக்கவேண்டும். படிப்படியாக ஏறி, 75 சதவீதத்தைத் தாண்டினால் 0.80 சதவீத ஒதுக்கீடும், அந்தக் கடனுக்கு எதிராகக் கூடுதல் மூலதனமும் வைக்கவேண்டும். டாலர் ஆபத்தைக் கடன் ஆபத்தின் மேசைக்கே கொண்டுவந்து வைக்கிறது என்பதால் இந்த விதியை நான் மதிக்கிறேன்.

ஆனால் இதே சூத்திரத்தை நம் ஜகார்த்தா நிறுவனத்தின்மேல் 1997 ஜூனில் போட்டால் என்ன வரும்? பூட்டாத கடன் 2,400 கோடி. பத்தாண்டில் மோசமான ஆண்டுச் சரிவு 5 சதவீதம் என்றால் இழப்பு 120 கோடி. வருமானம் 600 கோடி. விகிதம் 20 சதவீதம், ஒதுக்கவேண்டியது 0.20 சதவீதம். ஏறக்குறைய ஆபத்தில்லாதவர் என்று சான்றிதழ் கிடைத்துவிடும். 1986 செப்டம்பர் வீழ்ச்சி பத்தாண்டு வரம்புக்கு வெளியே, ஒன்பது மாதம் முன்னால் நின்றுவிடுகிறது. மத்திய வங்கி நாணயத்தை எவ்வளவு அமைதியாக வைத்திருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தச் சூத்திரம் தூங்கும். கடந்தகால ஏற்ற இறக்கத்தை வைத்துப் பார்க்காமல், எந்த விலையில் மூலதனம் பூஜ்யமாகிறது, எந்த விலையில் வட்டி வருமானத்தை விழுங்குகிறது என்ற இரண்டு எண்களைத் தனியே போட்டுவைப்பது இதனால்தான் அவசியம். நம் நிறுவனத்துக்கு அவை 4,000மும் 6,667மும். அந்த எண்கள் எந்த ஆண்டின் அமைதியாலும் மாறாது.

இந்தோனேசியா வேறு வழியில் போனது. 2015 முதல் வெளிநாட்டுக் கடன் வாங்கும் வங்கியல்லாத நிறுவனங்களை பேங்க் இந்தோனேசியா கட்டுப்படுத்துகிறது. அடுத்த ஆறு மாதத்தில் கட்டவேண்டிய டாலருக்கும் கையில் வரக்கூடிய டாலருக்கும் உள்ள இடைவெளியில் ஒரு பங்கைக் கட்டாயம் பூட்டவேண்டும். முதலாண்டில் 20 சதவீதமாக இருந்த அந்தப் பங்கு அடுத்த ஆண்டு 25 ஆனது. அடுத்த மூன்று மாதத்தில் கட்டவேண்டியதில் 70 சதவீதத்துக்காவது டாலர் சொத்து கையில் இருக்கவேண்டும், கடன் தரச்சான்றும் வேண்டும். 1997இல் கழுத்தை நெரித்தது குறுகியகாலத் தவணைகள் என்பதால் விதி அங்கே குறிவைக்கிறது. ஆறு மாதத்துக்கு அப்பால் கிடக்கும் அசல் திறந்தேதான் இருக்கிறது.

பூட்டியிருக்கிறோம் என்று ஒரு நிறுவனம் ஆண்டறிக்கையில் சொன்னாலும் எதைக்கொண்டு பூட்டியது என்று பார்க்கவேண்டும். முழு முன்பேர ஒப்பந்தத்தின் செலவை மேலே கண்டோம். அதைத் தாங்க விரும்பாத இந்தோனேசிய நிறுவனங்கள் பலவும் எடுப்பது கால் ஸ்ப்ரெட் என்ற மலிவான ஏற்பாடு. டாலர் 14,000 ருப்பியாவைத் தாண்டினால் வித்தியாசத்தை வங்கி கொடுக்கும், ஆனால் 15,500வரைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாலர் 15,000 ஆனால் வங்கி 1,000 ருப்பியா கொடுக்கும், நிறுவனத்துக்கு டாலர் 14,000க்கே அமைகிறது. 17,000 ஆனாலும் வங்கி கொடுப்பது 1,500தான். நிறுவனம் 15,500 கொடுக்கிறது, டாலர் விலை 15,500க்கு மேலே ஏறும் ஒவ்வொரு ருப்பியாவும் அதன் தலையில். சின்னச் சரிவுக்குக் குடை, புயலுக்குக் கிடையாது. ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் அந்த மேல்வரம்பு எண் இருக்கும். அதை எடுத்து, நிறுவனத்தின் மூலதனம் பூஜ்யமாகும் விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மேல்வரம்பு அந்த விலைக்குக் கீழே இருந்தால், காப்பு நிற்குமிடத்துக்கும் நிறுவனம் விழுமிடத்துக்கும் நடுவில் தாங்க யாருமில்லை. அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்திருக்கும் வங்கியும் அங்கேதான் நிற்கிறது.